தேறிய கார்டு ஏன் விழுகிறது

ஃபர்மார்க் என்னும் சோதனைச் செயலியை ஒரு மணி நேரம் இடைவிடாது ஓட்டி, வெப்பம் 75 டிகிரியைத் தாண்டாமலும் திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகாமலும் தேறிவந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று, அன்று மாலையே ஒரு விளையாட்டின் தொடக்க மெனுவில், அதாவது கார்டுக்குப் பெரிதாக வேலை எதுவும் இல்லாத இடத்தில், திரை கறுத்துச் செயலற்று விடுகிறது. இந்த அனுபவம் பலருக்கும் உண்டு. அது நேர்ந்தவுடன், கார்டைத்தான் சோதித்தாயிற்றே, குற்றம் விளையாட்டிலோ விண்டோஸிலோதான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, ஒன்றை அழித்து மறுபடி நிறுவுவதும் மற்றதை அழித்து மறுபடி நிறுவுவதுமாக வாரக்கணக்கில் அலைவதும் சகஜமாக இருக்கிறது. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. தாம் ஓட்டிய சோதனை உண்மையில் எதைச் சோதிக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி விற்கப்படும் கார்டுகளுக்கும், வாங்கியவரே வேகம் கூட்டி ஓவர்கிளாக் செய்துகொள்ளும் கார்டுகளுக்கும் பொதுவான இந்தக் குழப்பத்தை, அதன் வேரிலிருந்து சற்று நிதானமாகப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும்.

சில்லு ஒன்றுக்குள் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும், ஒரு பதிவகத்திலிருந்து புறப்பட்ட சைகை, இடையிலுள்ள பல அடுக்கு டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அடுத்த துடிப்பு வருவதற்குள் அடுத்த பதிவகத்தைச் சேர்ந்து நிலைபெற்றுவிட வேண்டும். 2000 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நானோவினாடியில் பாதி. மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர் விரைந்து திறக்கும், குறைந்தால் தாமதிக்கும். ஆகையால் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் அந்தச் சில்லு பிழையின்றித் தாங்கக்கூடிய உச்ச வேகம் ஒன்று உண்டு. ஒரே வார்ப்பில் வந்த இரண்டு சில்லுகளுக்குக்கூட இந்த எல்லை ஒன்றாக இருப்பதில்லை. எல்லையைத் தாண்டும்போது சில்லு உடைந்துவிடுவதில்லை, எரிந்துவிடுவதுமில்லை. கோடிக்கணக்கான பாதைகளில் மிக நீளமான ஏதோ ஒன்றில், சைகை வந்து சேருவதற்குள் துடிப்பு வந்துவிட, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் பதிவாகிறது. அந்தப் பிழை ஒரு புள்ளியின் நிறத்தில் நேர்ந்தால் கண்ணுக்கே தெரியாமல் போகும். ஒரு முகவரியிலோ கட்டளையிலோ நேர்ந்தால் கார்டு முழுவதும் திகைத்து நின்றுவிடும்.

இதுவரை சொன்னது எந்தச் சில்லுக்கும் பொருந்தும். கிராபிக்ஸ் கார்டின் விசேஷம் 2012 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 680 உடன் தொடங்குகிறது. அக்கார்டில்தான் ஜி.பி.யு. பூஸ்ட் என்னும் ஏற்பாடு முதன்முதலில் வந்தது. அதற்கு முன் கார்டுக்கு ஒரு வேகம் என்றால் அந்த ஒரு வேகந்தான்; அதன் பின்னர், ஒவ்வொரு மின்னழுத்தப் படிக்கும் ஒரு வேகம் என்று வகுத்த வளைகோடு ஒன்று கார்டுக்குள் எழுதப்பட்டு, மின்சாரச் செலவும் வெப்பமும் அனுமதிக்கும் வரையில் கார்டு தானாகவே அந்தக் கோட்டின்மேல் ஏறிக்கொண்டும், அனுமதி குறையும்போது இறங்கிக்கொண்டும் இருக்கிறது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பூஸ்ட் வேகம் இந்தக் கோட்டின் உச்சியைக் குறிப்பதன்று. சாதாரண நிலைமையில் எதிர்பார்க்கத்தக்க ஒரு வேகத்தையே அது குறிக்கிறது. உதாரணமாக, ஜி.டி.எக்ஸ். 1060 கார்டுக்கு என்விடியா விதித்த பூஸ்ட் வேகம் 1708 மெகாஹெர்ட்ஸ். ஆனால் நல்ல விசிறியுடன் வந்த கார்டுகள் எவருடைய தூண்டுதலும் இன்றி 1900க்கு மேல் சென்றதை, அவற்றை வைத்திருந்தவர்கள் நாள்தோறும் கண்டிருக்கிறார்கள். தொழிற்சாலை ஓவர்கிளாக் என்பது இந்தக் கோட்டை முழுவதுமாக மேலே நகர்த்தி வைப்பது. பெட்டியில் 80 அல்லது 90 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகப் போட்டிருந்தால், அந்தக் கூடுதல் ஏற்கெனவே உயரமாக இருந்த உச்சியின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஓரத்தில் நின்றிருந்த சில்லை அது ஓரத்துக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும்.

இப்போது ஃபர்மார்க்குக்குத் திரும்புவோம். உரோமம் அடர்ந்த வளையம் ஒன்றைச் சுழற்றிக் காட்டும் அச்செயலி, விளையாட்டு எதுவும் கேட்காத அளவுக்கு மின்சாரத்தைக் கார்டிலிருந்து உறிஞ்சுகிறது. ஜி.டி.எக்ஸ். 1060க்கு விதிக்கப்பட்ட மின்வரம்பு 120 வாட். வளையம் சுழலத் தொடங்கிய ஓரிரு வினாடிக்குள் அந்த வரம்பைக் கார்டு எட்டிவிடுகிறது; எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ளக் கோட்டில் கீழே இறங்கி, 1700 மெகாஹெர்ட்ஸ், 0.88 வோல்ட் என்பது போன்ற ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. மின்செலவு வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடுவதால், இதே சுமையை 2012 மெகாஹெர்ட்ஸிலும் 1.062 வோல்ட்டிலும் சுமக்க வேண்டுமானால் ஏறத்தாழ 1.7 மடங்கு, அதாவது 200 வாட்டுக்கும் அதிகமாகத் தேவைப்படும். அதற்குக் கார்டு இடங்கொடாது. ஆக, ஒரு மணி நேரம் நடந்த சோதனை கோட்டின் நடுப்பகுதியை மட்டுமே சோதித்தது. உச்சியில் கார்டு ஒரு வினாடிகூட நிற்கவில்லை. வெப்பத்தைத் தணிக்கும் ஏற்பாடும் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் சரியாக இருக்கின்றனவா என்று அறிய ஃபர்மார்க் மிக நல்ல கருவி. உச்ச வேகத்தில் கார்டு ஸ்திரமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

அப்படியானால் உச்சிக்குக் கார்டு எப்போது போகிறது? சுமை இலேசாக இருந்தும் கார்டு முற்றிலும் ஓய்ந்துவிடாத நேரத்தில். மெனு, வரைபடம், உரையாடல் காட்சி, பழைய சிறு விளையாட்டு ஆகியவை அந்த வகை. இதனுடன் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சில்லு சில டிகிரி சூடேறுந்தோறும் வேகம் ஒரு படி, பாஸ்கல் தலைமுறையில் சுமார் 13 மெகாஹெர்ட்ஸ், குறைக்கப்படுகிறது. எனவே கணினியைத் திறந்த முதல் சில நிமிஷங்களில், கார்டு இன்னும் குளிர்ந்திருக்கும்போதுதான் வேகம் எல்லாவற்றிலும் அதிகம். சூடேறினால்தான் இயந்திரம் கெடும் என்று பழகிய நமக்கு, சூடேறிய பிறகு கார்டு ஒழுங்காக ஓடுவதும், குளிர்ந்த நிலையில் விழுவதும் விபரீதமாகத் தோன்றும். காரணம் இவ்வளவே. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மெனுவிலிருந்து போர்க்களத்துக்கு ஒரே கணத்தில் தாவும்போது மின்னோட்டம் சடுதியில் பெருகி, மின்னழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறியதொரு நேரத்துக்குக் குழிந்து மீள்கிறது. உச்ச வேகத்தில் அவகாசம் மயிரிழையாக இருக்கும்போது அந்தக் குழிவு ஒன்றே போதும். ஒரே சீராகச் சுழலும் வளையம் அந்தக் குழிவை உண்டாக்குவதே இல்லை.

இத்தகைய முறிவு பரவலாக வெளிப்பட்ட சம்பவம் ஒன்று சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. 2020 செப்டம்பர் 17ஆம் தேதி ஆர்.டி.எக்ஸ். 3080 விற்பனைக்கு வந்தது. விதிக்கப்பட்ட பூஸ்ட் வேகம் 1710 மெகாஹெர்ட்ஸ். வாங்கிய சில நாட்களுக்குள், பல உற்பத்தியாளர்களின் கார்டுகளில், வேகம் 2000 மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ தாண்டியோ சென்றதும் விளையாட்டு மூடிக்கொண்டு வெறும் முகப்புத் திரை மட்டும் மிஞ்சுவதாகப் புகார்கள் எழுந்தன. ஜெர்மனியிலுள்ள வன்பொருள் ஆய்வாளர் இகோர் வாலோசெக், சில்லுக்கு நேர் பின்புறத்தில் பதிக்கப்பட்டுள்ள மின்தேக்கிகளைச் சுட்டிக்காட்டினார். மின்னழுத்தத்தின் சடுதிக் குழிவுகளை நிரப்புவது அவற்றின் வேலை. உற்பத்தியாளர்களில் சிலர் அவ்விடத்தில் பெரிய பாலிமர் மின்தேக்கிகள் 6 மட்டும் வைத்திருந்தார்கள். சிலர் அவற்றில் சிலவற்றுக்குப் பதிலாகச் சிறு பீங்கான் மின்தேக்கிகளைக் கூட்டமாக வைத்திருந்தார்கள். ஈ.வி.ஜி.ஏ. நிறுவனம், 6 பாலிமர் கொண்ட அமைப்பு தன் தரப் பரிசோதனையில் நடைமுறைச் செயலிகளின் சோதனையைத் தாண்டவில்லை என்றும், ஆகவே 4 பாலிமரும் 20 பீங்கானும் கொண்ட அமைப்புக்கு மாறியதாகவும் வெளிப்படையாக அறிவித்தது. மின்தேக்கிகளின் எண்ணிக்கையும் வகையும் ஒவ்வொருவர் வடிவமைப்பையும் பொறுத்தவை, அவற்றை மட்டும் கொண்டு தரத்தை நிர்ணயிக்க முடியாது என்பது என்விடியாவின் நிலை. செப்டம்பர் 28ஆம் தேதி 456.55 என்ற எண்ணுள்ள டிரைவர் வந்தது. அதை நிறுவிப் பார்த்தவர்கள், உச்ச வேகம் சற்றே தாழ்ந்திருப்பதையும் முறிவுகள் பெரும்பாலும் நின்றுவிட்டதையும் கண்டார்கள். டிரைவர் வருவதற்கு முன்பே, தாமாக 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை குறைத்துக்கொண்டவர்களுக்கும் அதே குணம் கிடைத்திருந்தது. மின்தேக்கி பற்றிய விவாதம் எங்கே முடிந்தாலும், வேகக் கோட்டின் மேல்நுனியைச் சிறிது வெட்டியதுமே நோய் தீர்ந்தது என்பதை நான் இந்தச் சம்பவத்தின் பிரதானமான சாட்சியமாகக் கொள்கிறேன்.

இனி, முறிவு நேர்ந்தபோது அதை அடையாளம் காண்பது எப்படி? விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, கார்டு 2 வினாடிக்குள் பதில் கொடுக்காவிட்டால் டிரைவரை மீட்டுத் தொடங்கும் காவல் ஏற்பாடு ஒன்று விண்டோஸுக்குள் இருக்கிறது. திரை கறுத்து, இரண்டு மூன்று வினாடியில் முகப்பு திரும்பிவந்து, விளையாட்டு மறைந்திருந்தால், இந்தக் காவலன் வேலை செய்திருக்கிறான் என்று பொருள். நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணுடன் இப்படியொரு வரி இருக்கும்:

```
Display driver nvlddmkm stopped responding and has successfully recovered.
```

விளையாட்டின் பக்கத்திலிருந்து இதே சம்பவம் `DXGI_ERROR_DEVICE_HUNG` அல்லது `DXGI_ERROR_DEVICE_REMOVED` என்று தெரியும். மீட்கவே முடியாமல் போனால் `VIDEO_TDR_FAILURE` என்று நீலத் திரை வரும். இவை சில்லின் மையப்பகுதி தடுமாறியதன் குறிகள். நினைவகம் வேகம் தாங்காமல் தடுமாறினால் அடையாளம் பெரும்பாலும் வேறு: திரையில் நிறப்புள்ளிகள் சிதறும், சதுரங்கக் கட்டங்கள் தோன்றும், சுவரின் தோற்றம் மின்னி மறையும். கணினியே ஒரேயடியாக அணைந்து மறுபடி தொடங்கி, பதிவேட்டில் 4101 இல்லாமல் `Kernel-Power` 41 மட்டும் இருந்தால், முதலில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் அதிலிருந்து வரும் கம்பிகளையும் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லத்தான் வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் `TdrDelay` என்னும் மதிப்பைக் கூட்டி, காவலனை 2 வினாடிக்குப் பதில் 10 வினாடி காத்திருக்கச் செய்தால் முறிவு தீரும் என்று உபதேசிப்பவர்கள் உண்டு. நீண்ட கணக்கு ஒன்றை ஓட்டும் தொழில்முறைச் செயலிக்கு அது நியாயமான மருந்து. துடிப்பைத் தவறவிட்டுத் திகைத்து நிற்கும் கார்டு 10 வினாடி கழிந்தாலும் திகைத்தேதான் நிற்கும். பயனர் எட்டு வினாடி கூடுதலாகக் கறுத்த திரையைப் பார்ப்பார், அவ்வளவே.

என் நெருங்கிய நண்பர் ஒருவருடைய மகனின் கணினியை நான் சில வாரங்கள் கவனிக்க நேர்ந்தது. நான் மேலே சொன்னவற்றில் பாதியை அதிலிருந்துதான் கற்றேன் என்பதால் அதை விவரமாகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் வேகம் கூட்டிய ஜி.டி.எக்ஸ். 1060, 6 ஜி.பி. கார்டு, பெட்டியில் போட்ட பூஸ்ட் 1800க்குச் சற்றுக் குறைவு, நினைவகம் மட்டும் விதிக்கப்பட்ட வேகத்திலேயே இருந்தது. பையன் ஃபர்மார்க்கை ஒரு மணி நேரம் ஓட்டிக் கார்டுக்கு நற்சாட்சி வழங்கியிருந்தான். "மாமா, கார்டு நல்லாத்தான் இருக்கு, கேம்தான் சரியில்லை" என்பது அவன் தீர்ப்பு. நான் அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: இனி ஒவ்வொரு முறிவின்போதும் நேரத்தையும், அப்போது திரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வை; ஆஃப்டர்பர்னர் செயலியில் வேகம், மின்னழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கோப்பில் பதிவாகும்படி வை. 18 மணி நேர ஆட்டத்தில் 9 முறிவுகள் சேர்ந்தன. அவற்றில் 7, ஆட்டம் தொடங்கிய முதல் ஐந்து நிமிஷத்திலோ, வரைபடத்தை மூடிக் காட்சிக்குத் திரும்பிய கணத்திலோ நேர்ந்திருந்தன. பதிவுக் கோப்பில் முறிவுக்கு முந்தைய கடைசி வரியில் வேகம் பெரும்பாலும் 2012 மெகாஹெர்ட்ஸ், மின்னழுத்தம் 1.062 வோல்ட், வெப்பம் 50 டிகிரிக்குள். அதே கார்டு 70 டிகிரியில் 1974 மெகாஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் ஓடியிருந்தது. நோட்டைப் பார்த்ததும் பையனுக்கே விஷயம் விளங்கிவிட்டது.

விளங்கியது வேறு, நிரூபணம் வேறு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Help` பட்டியலுக்குள் `Debug Mode` என்று ஒன்று இருக்கிறது. பலரும் கண்டுகொள்ளாத அந்த ஒரு வரி, தொழிற்சாலை கூட்டிய வேகத்தைத் தள்ளிவிட்டு, என்விடியா விதித்த வேகத்தில் கார்டை ஓட்டுகிறது. எதையும் கழற்ற வேண்டாம், எந்தச் செயலியும் நிறுவ வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்து நான்கு மாலைகள், மொத்தம் 11 மணி நேரம் ஆடியும் முறிவு இல்லை. அதை நீக்கியதும் இரண்டாம் மாலையே முறிவு திரும்பி வந்தது. இந்தத் திரும்பி வருதல்தான் நிரூபணத்தின் இரண்டாம் பாதி. அது இல்லாவிட்டால், இடையில் புதுப்பிக்கப்பட்ட டிரைவரோ விளையாட்டோ குணப்படுத்தியிருக்கலாம் என்ற சந்தேகம் நீங்காது. அதன் பிறகு ஆஃப்டர்பர்னரில் மையவேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்தோம். 13 குறைத்தபோது 7 மணி நேரத்தில் ஒரு முறிவு. 26 குறைத்தபோது 12 மணி நேரத்தில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு படி பாதுகாப்புக்காக விட்டு, 39இல் நிறுத்தினோம். 2000இல் 39 என்பது நூற்றுக்கு இரண்டு. வினாடிக்கு 60 சட்டகம் ஓடிய இடத்தில் 59 ஓடும். பெட்டியில் அச்சிடப்பட்ட அந்தச் சிறு பெருமைக்காக ஒரு பையன் தன் விடுமுறையில் பாதியை விண்டோஸை மறுபடி மறுபடி நிறுவுவதில் கழித்திருக்கிறான் என்பதை நினைக்க எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எவ்வளவு நேரம் சோதித்தால் போதும் என்ற கேள்விக்கு இந்த நோட்டே வழிகாட்டுகிறது. முறிவு சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒழுங்கின்றி நேருகிறது என்று வைத்துக்கொண்டால், 10 நிமிஷச் சோதனை ஒன்றில் குற்றமுள்ள அதே கார்டு தேறிவிடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 92. அப்படிப்பட்ட தேர்ச்சிக்கு அர்த்தமே இல்லை. சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம், இங்கே 6 மணி, அமைதியாகக் கழிந்தால், அது வெறும் அதிர்ஷ்டத்தால் கழிந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 ஆகச் சுருங்குகிறது. ஆகவே மாற்றம் எதையும் செய்வதற்கு முன், முறிவின் இடைவெளியை எழுதிக் கணக்கிடுவது அவசியம். அந்த எண் இல்லாதவன் எத்தனை நேரம் காத்திருப்பது என்று அறியமாட்டான்.

சோதனைக் கருவிகள் ஒவ்வொன்றையும் அது கோட்டின் எந்தப் பகுதியைத் தொடுகிறது, பிழையை எப்படிக் கண்டுகொள்கிறது என்ற இரு கேள்விகளால் எடைபோடலாம். யுனிஜின் நிறுவனத்தின் ஹெவன், 2009இல் வந்தது. இன்றைய கார்டுக்கு இலேசான சுமையே என்பதனால், பழையது என்று ஒதுக்கத் தகாதபடி, உச்ச வேகத்தில் கார்டை நீண்ட நேரம் நிறுத்தி வைக்க அது இன்னும் உதவுகிறது. 3டிமார்க்கின் டைம் ஸ்பை அழுத்தச் சோதனை ஒரே காட்சியை 20 தரம் ஓட்டி, சட்டக வேகம் நூற்றுக்கு 97க்குக் குறையாமல் சீராக இருந்தால் தேர்ச்சி என்கிறது. அந்த 97 வெப்பத்தால் வேகம் சரிகிறதா என்பதைக் காட்டும் எண்ணே தவிர, கணக்கில் பிழை நேர்ந்ததா என்பதைக் காட்டுவதன்று. பிழையை எண்ணிச் சொல்வது ஓ.சி.சி.டி.யின் வேலை. வரைந்த படத்தை வரவேண்டிய படத்துடன் ஒப்பிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளியின் பிசகையும் அது கணக்கில் சேர்க்கிறது. ஆகவே விளையாட்டில் மணிக்கணக்கில் காத்துப் பெறவேண்டிய விடையை அது பல சமயம் நிமிஷங்களில் தந்துவிடுகிறது. அதிலேயே சுமையைக் கூட்டிக் குறைத்துத் தாவவிடும் அடாப்டிவ் சோதனை ஒன்றும் இருக்கிறது. மெனுவிலிருந்து போர்க்களத்துக்குத் தாவும் அந்த விபரீதக் கணத்தைச் செயற்கையாக உண்டாக்க இதைவிடத் தக்க கருவியை நான் கண்டதில்லை. ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து கணக்கிடும் ரே டிரேசிங் விளையாட்டை ஆடுபவர் இவற்றோடு நின்றுவிடக் கூடாது. அதற்கென்று சில்லில் தனிப் பகுதி இருப்பதால், ஹெவனிலும் டைம் ஸ்பையிலும் நாட்கணக்கில் நின்ற வேகம், 3டிமார்க்கின் போர்ட் ராயலிலோ குவேக் 2 ஆர்.டி.எக்ஸ். விளையாட்டிலோ சில நிமிஷங்களில் வீழ்வதுண்டு.

தாமாக ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு இன்னும் ஒரு சிரமம் கூடுகிறது. ஆஃப்டர்பர்னரில் மையவேகத்துக்கு 100 கூட்டினால், உச்சியில் மட்டும் 100 கூடுவதில்லை. கோட்டின் எல்லாப் படிகளும் சேர்ந்தே உயர்கின்றன. உச்சிப் படி தாங்கிக்கொண்டு, நடுப்படி ஒன்று தாங்காமல் போகலாம். அந்த நடுப்படியைக் கனமான விளையாட்டு ஒன்று தொடும்போதுதான் குற்றம் வெளிப்படும். இதற்குப் பொறுமையான வழி ஒன்று உண்டு. Ctrl, F இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோடு முழுவதும் திரையில் விரியும். படி ஒன்றைத் தேர்ந்து L விசையை அழுத்தினால் கார்டு அந்தப் படியிலேயே பூட்டப்படும். அப்படிப் பூட்டி, இலேசான சுமையில் பிழை எண்ணும் சோதனையை ஓட்டி, நான்கைந்து படிகளைத் தனித்தனியே பார்த்தால், எந்தப் படி பலவீனமானது என்று தெரிந்துவிடும். அந்தப் படியை மட்டும் இறக்கிவைத்தால் போதும். டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும், நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில், உச்ச வேகத்துக்கு வரம்பு கட்டுவதும் அதை நீக்குவதும் இப்படி:

```
nvidia-smi -lgc 210,1800
nvidia-smi -rgc
```

முறிவுக்குப் பின் டிரைவர் மீண்டெழும்போது, கூட்டிவைத்த வேகம் சில வேளை அழிந்துபோய், கார்டு குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதை அறியாமல் சோதனையைத் தொடர்ந்து, தேறிவிட்டது என்று மகிழ்வது வீண். ஒவ்வொரு முறிவுக்குப் பின்னும் கணினியை அணைத்துத் தொடங்குவதே முறை. நினைவகத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆர்.டி.எக்ஸ். 3080இல் உள்ள ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ். போன்ற நினைவகம், வழியில் பிழை நேர்ந்ததைத் தானே கண்டு, அந்தத் தகவலை மறுபடி அனுப்பிக்கொள்கிறது. ஆகவே வேகம் மிஞ்சியதும் புள்ளிகள் சிதறுவதற்கு முன்பாகவே, வேகத்தைக் கூட்டக் கூட்ட மதிப்பெண் குறையத் தொடங்கும். முறிவு நேரவில்லை என்பதை மட்டும் பார்ப்பவர் இந்த நஷ்டத்தைக் காணமாட்டார். ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணை எழுதி, அது உச்சம் கண்ட படிக்குக் கீழே நிறுத்துவதே விவேகம்.

வேகத்தைக் குறைத்தும் முறிவு நிற்காவிட்டால், கார்டை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்தர மையச் செயலிகளில் நேர்ந்த கோளாறின்போது, அன்ரியல் எஞ்சின் கொண்டு செய்த விளையாட்டுகள் `Out of video memory trying to allocate a rendering resource` என்று திரையில் காட்டி விழுந்தன. கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்று சொல்வது போலிருந்த அந்த வாசகத்தை நம்பிக் கார்டை மாற்றியவர்களும் இருந்தார்கள். குற்றமோ, சுருக்கி வைத்த தகவலை விரிக்கும்போது பிழைவிட்ட மையச் செயலியில் இருந்தது. அதற்குக் காரணமான மின்னழுத்தக் கோளாற்றுக்கு 2024 ஆகஸ்டில் இன்டெல் புதிய மைக்ரோகோடு வெளியிட்டது. மதர்போர்டில் ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி.யை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பதும் இந்த வரிசையில் சேர வேண்டும்.

தொழிற்சாலை அமைத்துத் தந்த வேகத்தில் ஓடாத கார்டு, உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், குறையுள்ள சரக்கு என்பதே என் திடமான கருத்து. வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நோயைக் கண்டறியும் வழி. கொடுத்த பணத்துக்கு உரிய பரிகாரம் மாற்றுக் கார்டுதான். `Debug Mode` இருக்கும்போது முறிவு இல்லை, நீக்கினால் வருகிறது என்ற குறிப்பையும் 4101 வரிகளையும் தேதியுடன் எழுதி அனுப்பினால், ஃபர்மார்க் ஓட்டிப் பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது என்று சேவை நிலையம் கார்டைத் திருப்பி அனுப்புவது கடினமாகிவிடும். நான் சொன்ன கார்டுக்கு அந்த வழி இல்லாமற் போயிற்று; பழைய சாமானாகக் கைமாறி வந்தது, உத்தரவாதம் முடிந்திருந்தது. டிரான்சிஸ்டர்கள் பயன்படப் பயன்படச் சற்றே மந்தமாவது இயல்பு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், குளிர்ந்த மார்கழிக் காலையொன்றில் 39 குறைத்திருந்த நிலையிலும் முறிவு மறுபடி வந்தது. பையன் என்னைக் கேட்காமலே நோட்டைத் தேடியெடுத்து, இரண்டு வாரம் எழுதிப் பார்த்து, 52இல் நிறுத்திவிட்டு எனக்குத் தகவல் சொன்னான்.